உங்களுக்குத் தெரியுமா? யூரின் பை நிரம்பினாலும் கவலை, நிரம்பாவிட்டாலும் கவலை!

180 லிட்டரில் ஒன்றரை

நம் சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. வெளியே போவதோ ஒன்றரை லிட்டர், மிஞ்சிப்போனால் இரண்டு. வடிந்ததில் பெரும்பகுதி யாருடைய உத்தரவும் இல்லாமல் தானாகவே ரத்தத்துக்குத் திரும்பிவிடும். கடைசியில் மிஞ்சும் இருபது லிட்டர் சொச்சத்துக்குத்தான் உத்தரவு தேவை. அதைப் பிறப்பிப்பது ஏ.டி.எச். என்ற ஹார்மோன். வாசோப்ரெசின் என்பதும் இதுவேதான். மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸில் உருவாகி, நரம்பிழைகள் வழியே இறங்கி, பிட்யூட்டரியின் பின்பாதியில் சேமிப்பாகிறது.

இந்த ஹார்மோன் வற்றிப்போனால் டயபட்டீஸ் இன்சிபிடஸ். வார்டில் 'டி.ஐ.' என்பார்கள். அளவுக்கு மீறிச் சுரந்துகொண்டே இருந்தால் எஸ்.ஐ.ஏ.டி.எச். முதலாவதில் நீர் கொட்டும், ரத்தத்தில் சோடியம் ஏறும். இரண்டாவதில் நீர் தேங்கும், சோடியம் இறங்கும். தேர்வுக்குப் படிக்கும் நர்சிங் மாணவிகள் நோட்டின் நடுவே ஒரு கோடு கிழித்து, இடப்பக்கம் இது, வலப்பக்கம் அது என்று எழுதி மனப்பாடம் செய்வார்கள். நோயாளியின் உடம்பு அப்படிக் கோடு கிழித்துக்கொள்வதில்லை.

இரண்டும் ஒரே ஆளுக்கு, பத்தே நாளில்!

பிட்யூட்டரி கட்டியை மூக்கு வழியாக அகற்றும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு, சிலருக்கு முதலில் டி.ஐ. வரும், சில நாள் கழித்து எஸ்.ஐ.ஏ.டி.எச். வரும், அப்புறம் மறுபடி டி.ஐ. வரும். மூன்று கட்டங்கள். 1930களிலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் பூனைகளில் இதைப் பார்த்துவிட்டார்கள்.

காரணம் எளிது. கத்தி பட்ட அதிர்ச்சியில் ஹார்மோனைக் கொண்டுவரும் நரம்பிழைகள் முதல் சில நாள் வேலை செய்யாது. அதனால் நீர் கொட்டும். பிறகு, அறுபட்ட இழைகளின் நுனிகள் அழியத் தொடங்கும். அங்கே சேமிப்பில் இருந்த ஹார்மோன் கட்டுப்பாடு இல்லாமல் ரத்தத்தில் கசியும். அதனால் நீர் தேங்கும். இருப்பு தீர்ந்ததும் மறுபடி வறட்சி. மூன்று கட்டமும் முழுதாக வருவது அரிது. நூறில் ஒரு சிலருக்குத்தான். முதல் கட்டம் மட்டும் வந்து மறைவதே அதிகம். இரண்டாம் கட்டம் மட்டும் தனியாக வருவதும் உண்டு. அது பெரும்பாலும் ஒரு வாரம் கழித்து, ஆள் வீட்டுக்குப் போன பிறகு வரும். அதனால்தான் பல மருத்துவமனைகளில் ஏழாம் நாள் ஒரு சோடியம் பரிசோதனைக்கு வரச்சொல்கிறார்கள். 

இனி ஓர் ஆளை வைத்துப் பார்ப்போம். விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்ட நோயாளி. வயது 42, எடை 60 கிலோ, அறுவைக்கு முன் சோடியம் 140. (இயல்பு 135 முதல் 145 வரை.) அறுவை நல்லபடியாக முடிந்து ஐ.சி.யூ.வுக்கு வந்திருக்கிறார்.

முதல் நாள்: மணிக்கு 400 மில்லி

அதுவரை மணிக்கு 80, 90 மில்லி என்று போய்க்கொண்டிருந்த சிறுநீர், மாலையில் 330 ஆகிறது. அடுத்த மணியில் 380. பிறகு 400, 410. நாலு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர்! பையில் இருப்பது தண்ணீர் போலவே நிறமற்றது.

இந்த இடத்தில் சிஸ்டர் பார்க்க வேண்டியது இன்னோர் எண்: ஸ்பெசிஃபிக் கிராவிட்டி. சிறுநீர் எவ்வளவு கெட்டி என்று சொல்லும் எண். டி.ஐ.யில் 1.005க்குக் கீழே போகும். நம் ஆளுக்கு 1.003. ரத்தத்தில் சோடியம் 146. மணிக்கு 250 மில்லிக்கு மேல், தொடர்ந்து இரண்டு மூன்று மணி நேரம், அதுவும் நீர்த்த சிறுநீராக வந்தால் உடனே டியூட்டி டாக்டரைக் கூப்பிடு என்பது நியூரோ வார்டுகளில் வழக்கமான விதி. எண் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும்.

ஏன் மணிக்கணக்கு? ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பையைக் காலிசெய்து 'அவுட்புட் 1,900' என்று எழுதினால், அது எப்போது தொடங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. மணிக்கு மணி அளக்க யூரோமீட்டர் என்ற அளவுப்பெட்டி பொருத்திய பை இருக்கிறது. வார்டு செலவைக் குறைக்கிறோம் என்று முதலில் கைவைப்பது அதில்தான் என்றால், அது என் பார்வையில் மோசமான சிக்கனம்.

எல்லா வெள்ளமும் டி.ஐ. அல்ல

அறுவையின்போது டிரிப்பில் ஏற்றிய திரவத்தை உடம்பு வெளியேற்றினாலும் சிறுநீர் கொட்டும். அப்போது சோடியம் ஏறாது. நோயாளிக்குத் தாகமும் இருக்காது. மூளை வீக்கம் குறைய மானிடால் கொடுத்திருந்தாலும் கொட்டும். டெக்ஸாமெதசோன் போட்டுச் சர்க்கரை 300ஐத் தாண்டியிருந்தாலும் கொட்டும். இந்த இரண்டிலும் சிறுநீரோடு மானிடாலோ சர்க்கரையோ கரைந்து வருவதால் அது அவ்வளவு நீர்த்துப்போகாது. ஆகவே டாக்டரை அழைக்கும் முன் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார், மருந்துச் சீட்டில் மானிடால் இருக்கிறதா என்று பார். இரண்டு நிமிட வேலை.

நேர்மாறான ஏமாற்றும் உண்டு. கார்ட்டிசால் குறைந்த உடம்பால் தண்ணீரைச் சரியாக வெளியேற்ற முடியாது. அப்படிப்பட்டவருக்கு டி.ஐ. இருந்தாலும் வெளியே தெரியாது. ஸ்டீராய்டு ஊசி போட்ட சில மணி நேரத்தில் சிறுநீர் திடீரெனப் பெருகும். ஊசி நோயைக் கொண்டுவரவில்லை. மறைந்திருந்ததை வெளிக்காட்டியது, அவ்வளவுதான்.

சோடியம் சரியாக இருந்தாலும் டி.ஐ. இருக்கலாம்!

நினைவு தெளிவாக இருந்து, கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் இருந்தால், டி.ஐ. நோயாளி போகிற நீரையெல்லாம் குடித்தே ஈடுகட்டிவிடுவார். நாளைக்குப் பத்து லிட்டர் போனாலும் சோடியம் 142 என்றே இருக்கும். குளிர்ந்த தண்ணீர்தான் வேண்டும் என்று கேட்பார்கள், இரவிலும் எழுந்து குடிப்பார்கள். மயக்கத்தில் இருப்பவர், கைக்குழந்தை, தாக உணர்வே கெட்டுப்போனவர், 'வாய்வழி ஒன்றும் தரக்கூடாது' என்று அட்டை மாட்டப்பட்டவர் ஆகியோருக்குத்தான் சோடியம் 150, 160 என்று ஏறும். அப்போது மூளைச் செல்களிலிருந்து நீர் வெளியேறி மூளை சுருங்கும். எரிச்சல், குழப்பம், பிறகு மயக்கம்.

ஆகவே, டி.ஐ. நோயாளிக்கு முதல் நர்சிங் பராமரிப்பு மூடி திறந்த ஒரு தண்ணீர் பாட்டில். ஊசி அதற்கு அடுத்ததுதான். மூக்கில் பஞ்சடைப்பு வைத்திருப்பதால் வாயால் மூச்சுவிட்டு நாக்கு உலரும்; அதனாலும் தண்ணீர் கேட்பார்கள். அதற்காக 'சும்மா கேட்கிறார்' என்று ஒதுக்கக் கூடாது. சிறுநீர் அளவையும் கெட்டியையும் பார்த்துவிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

அடுத்த டோஸ் எப்போது? கடிகாரத்தைக் கேட்காதீர்கள்

நம் ஆளுக்குத் தோலடியில் 1 மைக்ரோகிராம் டெஸ்மோப்ரெசின் ஊசி போடுகிறார்கள். ஏ.டி.எச். போலவே செய்த செயற்கை மருந்து இது. இரண்டு மணி நேரத்துக்குள் சிறுநீர் மணிக்கு 60 மில்லியாக அடங்குகிறது; நிறம் மஞ்சளுக்குத் திரும்புகிறது. மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயும் உண்டு. ஆனால் மூக்கு வழியாகவே அறுவை நடந்தவருக்கு அதில் எவ்வளவு உள்ளே சேரும் என்று நிச்சயமில்லை. அதனால்தான் ஊசி.

மருந்தின் வேலை பொதுவாக எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் இருக்கும். சிலருக்கு இன்னும் நீளும். மற்ற மருந்துகளைப் போல 'பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை' என்று அட்டவணை போட்டுக் கொடுத்துக்கொண்டே போவது இந்த முதல் வாரத்தில் ஆபத்து. சிறுநீர் மறுபடி பெருகி, நீர்த்து, தாகமும் வந்த பிறகே அடுத்த ஊசி. ஏனென்றால் இரண்டாம் கட்டம் எந்த நாள் தொடங்கும் என்று யாருக்கும் தெரியாது. உடம்பே ஹார்மோனைக் கசியவிடத் தொடங்கிய வேளையில் நாமும் ஊசி போட்டால் சோடியம் தலைகுப்புற விழும்.

நம் ஆளுக்கு இரண்டாம் நாள் ஓர் ஊசி, மூன்றாம் நாள் ஓர் ஊசி. நாலாம் நாள் தேவைப்படவில்லை. ஐந்தாம் நாள் காலை எல்லாம் இயல்பு. கேத்தட்டரை எடுத்து வார்டுக்கு மாற்றினார்கள்.

ஆறாம் நாள்: எடைக்கருவி சொன்ன சேதி

கேத்தட்டரை எடுத்துவிட்டால் மணிக்கணக்கு போய்விடும். பிறகு நம்பகமான சாட்சி எடைக்கருவி. ஒரே நேரம், ஒரே கருவி, ஏறக்குறைய ஒரே உடை. ஒரு நாளில் ஒரு கிலோ கூடினால் அது சதை அல்ல, ஒரு லிட்டர் தண்ணீர்.

ஆறாம் நாள் காலை நம் ஆள் 1.2 கிலோ கூடியிருக்கிறார். முந்தைய நாள் முழுக்கச் சிறுநீர் 700 மில்லி, அடர்மஞ்சள். காலில் வீக்கம் இல்லை, முகத்தில் வீக்கம் இல்லை, ரத்த அழுத்தம் சரி. லேசான தலைவலி, குமட்டல். சோடியம் 132.

வீக்கம் இல்லையே என்று நிம்மதியடைய வேண்டாம். உப்பில்லாத வெறும் தண்ணீர் தேங்கினால் அதில் மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்குள் போய்விடும். காலை அமுக்கினால் குழி விழாது. நீர் புகுந்த மூளைச் செல்கள் உப்பும். மண்டையோட்டுக்குள் இடம் கிடையாது. அதனால் முதலில் பேசுவது தலைவலியும் குமட்டலும்தான்.

இதில் வீட்டாருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. முதல் மூன்று நாள் 'நிறையத் தண்ணீர் கொடுங்கள்' என்று நாம்தானே சொன்னோம்! அவர்கள் விசுவாசமாகத் தொடர்கிறார்கள். காலையில் இளநீர், பத்து மணிக்கு மோர், மதியம் ரசம், மாலையில் கஞ்சி. அறிவுரை மாறிவிட்டது என்பதைப் படுக்கையருகே வந்து சொல்ல வேண்டியது நர்ஸின் வேலை. கேஸ் ஷீட்டில் எழுதினால் மட்டும் போதாது. அதை அம்மா படிப்பதில்லை.

உப்புத் தண்ணீர் ஏற்றினால் உப்பு குறையும்!

நம்ப முடிகிறதா? ஏழாம் நாள் காலை சோடியம் 128. 'சோடியம் கம்மி, ஒரு நார்மல் சலைன் போடு' என்று ஒரு லிட்டர் மாட்டுகிறார்கள். மாலையில் பார்த்தால் 126.

கணக்கு இதுதான். ஒரு லிட்டர் நார்மல் சலைனில் 308 அலகு கரைபொருள் இருக்கிறது. நம் ஆளின் சிறுநீர் லிட்டருக்கு 600 அலகு என்ற கெட்டியில் வருகிறது. ஹார்மோன் அதை இளகவிடாது. எஸ்.ஐ.ஏ.டி.எச்.சில் உப்பை வெளியேற்றும் பாதை கெடுவதில்லை; ஆகவே ஏற்றிய 308 அலகும் சிறுநீரில் போய்விடும். அதற்கு எவ்வளவு சிறுநீர் போதும்? 308ஐ 600ஆல் வகுத்தால் அரை லிட்டருக்குச் சற்று மேல். ஏற்றியது ஒரு லிட்டர், வெளியேறியது அரை லிட்டர். மீதி அரை லிட்டர் வெறும் தண்ணீராக உள்ளேயே தங்கிவிட்டது. 60 கிலோ ஆளின் உடம்பில் சுமார் 36 லிட்டர் நீர். அதில் அரை லிட்டர் கூடினால் சோடியம் இரண்டு எண் இறங்கும். இறங்கியும் விட்டது.

இதே கணக்கை 3 சதவீத சலைனுக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 1,026 அலகு. அதை வெளியேற்ற 1.7 லிட்டர் சிறுநீர் வேண்டும். உள்ளே போனதைவிட வெளியேறுவது அதிகம். ஆக, ஏற்றும் திரவம் சிறுநீரைவிடக் கெட்டியாக இருந்தால்தான் சோடியம் ஏறும். இந்த ஒரு விதி தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

800 மில்லி என்றால் எல்லாம் சேர்த்து 800

எஸ்.ஐ.ஏ.டி.எச்.சுக்கு முதல் வைத்தியம் தண்ணீரைக் குறைப்பது. நாளைக்கு 800 மில்லி, அல்லது ஒரு லிட்டர். சார்ட்டில் எழுதுவது சுலபம். ஆனால் ஆன்டிபயாட்டிக் கலக்கும் 100 மில்லி பாட்டில் நாளைக்கு மூன்று என்றால் அதிலேயே 300 போய்விட்டது. அது 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸாக இருந்தால் சர்க்கரை எரிந்தபின் மிஞ்சுவது சுத்தத் தண்ணீர். மாத்திரை விழுங்க ஒவ்வொரு வேளையும் அரை டம்ளர். மூக்குக்குழாய் இருந்தால் அதைக் கழுவ ஊற்றும் தண்ணீர். காபியும் ரசமும் தனி.

நல்ல வார்டுகளில் செய்வது: ஆன்டிபயாட்டிக்கை எவ்வளவு குறைந்த திரவத்தில் கலக்கலாம் என்று மருந்தகத்தைக் கேட்பார்கள். நாளுக்குரிய குடிநீரைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் அளந்து வைத்துவிடுவார்கள். 'இவ்வளவுதான், எப்போது வேண்டுமோ அப்போது குடியுங்கள்.' வாய் உலர்ந்தால் கொப்பளித்துத் துப்பலாம், உதட்டில் கொஞ்சம் வாசலின், நாக்கில் ஒரு சின்ன ஐஸ் துண்டு. ஐஸ் உருகினால் அதுவும் கணக்கில் வரும்.

ஒரு முக்கிய விலக்கு: மண்டைக்குள் ரத்தக்கசிவு ஏற்பட்டவர்களுக்குச் சோடியம் குறைந்தால் அது எஸ்.ஐ.ஏ.டி.எச்.தான் என்று தண்ணீரை நிறுத்திவிடக் கூடாது. அங்கே சிறுநீரகம் உப்பையும் நீரையும் சேர்த்தே இழந்துகொண்டிருக்கலாம். சிறுநீர் நிறையப் போகும், எடை குறையும், நாடி வேகமாகும். அவருக்குத் திரவமும் உப்பும் இரண்டுமே தேவை. ரத்தப் பரிசோதனைத் தாளில் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். வேறுபாட்டைக் காட்டுவது எடையும் இன்டேக்–அவுட்புட் சார்ட்டும்தான்.

எட்டாம் நாள், விடிகாலை 2 மணி

வாந்தி. கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில். சோடியம் 121. இனித் தண்ணீரைக் குறைத்துவிட்டுக் காத்திருக்க நேரமில்லை; அடுத்தது வலிப்பாக இருக்கலாம். 3 சதவீத சலைன் 150 மில்லி, இருபது நிமிடத்தில். பிறகு சோடியம் பார்த்து, இன்னொரு 150.

படுக்கையின் பக்கக் கம்பிகளை உயர்த்தி, சக்‌ஷன் வேலை செய்கிறதா என்று ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்து, ஆக்சிஜனைத் தயாராக வைத்து, மணிக்கு மணி பேச்சும் கண்மணியும் பார்க்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: 3 சதவீத சலைன் பாட்டிலை நார்மல் சலைன் இருக்கும் அலமாரியில் வைக்கவே கூடாது. இருவர் படித்துப் பார்த்துவிட்டு மாட்டுவது நல்லது.

மணி நாலுக்குச் சோடியம் 125. ஆள் தெளிவாகப் பேசுகிறார். நாலைந்து எண் ஏறினாலே மூளை வீக்கத்தின் அவசரம் தணிந்துவிடும். அன்றைக்கே 135க்குக் கொண்டுபோக வேண்டும் என்ற ஆசைதான் கெடுதல்.

வேகமாக ஏற்றினால் என்ன ஆகும்?

சோடியம் இரண்டு நாளுக்கு மேல் குறைவாக இருந்தால், மூளைச் செல்கள் தங்களிடமிருந்த கரைபொருள்களை வெளியே தள்ளி, அந்த நிலைக்குத் தங்களைப் பழக்கிக்கொள்ளும். அப்படிப் பழகிய மூளையில் சோடியத்தைச் சட்டென்று ஏற்றினால் நரம்புகளின் உறை சிதையும். குறிப்பாக மூளைத்தண்டின் பான்ஸ் பகுதியில். இதை 1959இல் ஆடம்ஸ், விக்டர், மான்கால் ஆகியோர் முதலில் விவரித்தார்கள். காரணம் சோடியம்தான் என்பது பிறகு தெரிய வந்தது. கொடுமை என்னவென்றால், ஏற்றிய அன்று நோயாளி நன்றாகவே இருப்பார். இரண்டு முதல் ஆறு நாள் கழித்துப் பேச்சு குழறும், விழுங்க முடியாது, கைகால் விழும். அப்போது திரும்பிப்போவது எளிதல்ல.

அதனால் 24 மணி நேரத்தில் 8 எண், அதிகம் போனால் 10 என்பது வரம்பு. நம் ஆளுக்கு 121இலிருந்து தொடங்கினால், மறுநாள் விடிகாலை 2 மணிக்குள் 129ஐத் தாண்டாமல் இருந்தால் நல்லது.

அதே நாள், இரவு 8 மணி: பை மறுபடி நிரம்புகிறது

பகல் முழுக்கச் சோடியம் 125லேயே நின்றது. இரவு எட்டு மணிக்கு மேல் சிறுநீர் 350 மில்லி. அடுத்த மணி 420. அதற்கடுத்து 400. தண்ணீர் நிறமாகிவிட்டது. சிறுநீர் நன்றாகப் போகிறது, குணமாகிறார் என்று மகிழ்ந்தால் அதுதான் தப்பு. ஹார்மோன் இருப்பு தீர்ந்து மூன்றாம் கட்டம் தொடங்கியிருக்கிறது. மூன்று மணி நேரத்தில் போன 1,170 மில்லி வெறும் தண்ணீர். தண்ணீர்க் கட்டுப்பாடும் இன்னும் அமலில் இருக்கிறது. பதினோரு மணிக்குச் சோடியம் 129. இப்படியே விட்டால் விடியும்போது 140ஐத் தொடும்.

வரம்பு முடிந்துவிட்டது. டாக்டர் மறுபடி டெஸ்மோப்ரெசின் ஊசி எழுதுகிறார். போன தண்ணீரில் கொஞ்சத்தைத் திருப்பித் தர 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸும் சேர்க்கிறார். சோடியம் குறைந்த ஆளுக்கு, சோடியத்தைக் குறைக்கும் மருந்தா என்று நைட் டியூட்டி சிஸ்டருக்குச் சந்தேகம் வர வேண்டும்; கேட்கவும் வேண்டும். பதில்: இப்போது ஆபத்து எண்ணில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. கூடவே, சார்ட்டிலிருக்கும் '800 மில்லி' கட்டுப்பாட்டை அடித்துவிட்டு மாற்றி எழுதினார்களா என்று பார்க்க வேண்டும். பழைய உத்தரவு புதிய நிலையிலும் தொடர்வதுதான் இந்த வாரத்தின் மிகச் சாதாரணமான விபத்து.

இதை முதலில் கண்டது சோதனைச்சாலை அல்ல. மணிக்கு மணி அளந்த கை. எஸ்.ஐ.ஏ.டி.எச்.சுக்குச் சிகிச்சை நடக்கும்போது கேத்தட்டர் வைத்து மறுபடி அளக்கச் சொல்வது இதற்காகத்தான்.

மூளையில் கை வைக்காமலும் வரும்

எஸ்.ஐ.ஏ.டி.எச்.சை 1957இல் ஷ்வார்ட்ஸ், பார்ட்டர் குழுவினர் விவரித்தது நுரையீரல் புற்றுநோய் இருந்த இரண்டு பேரிடம். கட்டியே ஹார்மோனைச் சுரக்கும். நிமோனியா, வலிப்புக்கான கார்பமசெபின், மனச்சோர்வு மருந்துகள் சில ஆகியவற்றாலும் வரும். டி.ஐ. பக்கம் பார்த்தால், லித்தியம் பல ஆண்டு சாப்பிட்டவர்களுக்கு ஹார்மோன் இருந்தும் சிறுநீரகம் அதன் சொல்லைக் கேட்காது. டெஸ்மோப்ரெசின் கொடுத்தாலும் பெரிதாகப் பயனில்லை. விசித்திரம் என்னவென்றால், அவர்களுக்குச் சிறுநீரைக் குறைக்கக் கொடுப்பது சிறுநீர் பிரிய வைக்கும் தயசைடு மாத்திரை!

வீட்டுக்குப் போகும்போது

நம் ஆளுக்கு மூன்றாம் கட்டம் நிலைத்துவிட்டது. டெஸ்மோப்ரெசின் மாத்திரையோடு போகிறார். அவருக்குச் சொல்லி அனுப்ப வேண்டியவற்றில் ஒன்று பலரும் விட்டுவிடுவது: வாரத்தில் ஒருமுறையாவது அடுத்த மாத்திரையைச் சற்றுத் தள்ளிப்போட்டு, சிறுநீர் பெருகி நீர்த்து வருகிறதா, தாகம் எடுக்கிறதா என்று பார்த்துவிட்டு விழுங்க வேண்டும். தேங்கிய மிகைநீர் அதில் வெளியேறிவிடும். தாகத்துக்குக் குடி, 'உடம்புக்கு நல்லது' என்று குடிக்காதே. தலைவலியும் குமட்டலும் சேர்ந்து வந்தால் மாத்திரை போடாமல் முதலில் சோடியம் பார்.

'சர்க்கரை' என்று நினைத்துவிட்டார்கள்

2009இல் லண்டன் மருத்துவமனை ஒன்றில் இடுப்பு அறுவைக்குச் சேர்ந்த 22 வயது இளைஞருக்கு முன்பே மூளைக் கட்டி வந்து டி.ஐ. இருந்தது. அவருடைய மருந்து கொடுக்கப்படவில்லை. தாகம் தாங்காமல் படுக்கையிலிருந்தே போலீசுக்குப் போன் செய்து தண்ணீர் கேட்டார். சோடியம் ஏறியதால் வந்த குழப்பமும் ஆவேசமும் நடத்தைக் கோளாறாகப் பார்க்கப்பட்டன. அவர் இறந்துபோனார். 2012இல் நடந்த விசாரணை, நீரிழப்பும் அலட்சியமும் காரணம் என்றது.

பெயரில் 'டயபட்டீஸ்' இருப்பதால் சர்க்கரையைப் பார்த்து, அது சரியாக இருக்கிறதென்று விட்டுவிடுவது உலகெங்கும் நடந்திருக்கிறது. 2022இல் பல நாடுகளின் ஹார்மோன் மருத்துவ அமைப்புகள் கூடிப் பெயரையே மாற்றப் பரிந்துரைத்தன: சுரப்பு குறைந்தால் 'வாசோப்ரெசின் குறைபாடு', சிறுநீரகம் கேட்காவிட்டால் 'வாசோப்ரெசின் எதிர்ப்பு'. பழைய கேஸ் ஷீட்டுகளில் பழைய பெயர் இன்னும் நெடுநாள் இருக்கும்.

ஆகவே நம் ஆள் பின்னாளில் பல் பிடுங்கவோ ஹெர்னியாவுக்கோ எந்த மருத்துவமனைக்குப் போனாலும், அட்மிஷன் போடும்போதே மருந்துச் சீட்டில் டெஸ்மோப்ரெசின் எழுதப்பட்டதா என்று பார்க்க வேண்டும். 'காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடக் கூடாது' என்று சொல்லும் அதே நிமிடத்தில் டிரிப் தொடங்க வேண்டும். தியேட்டருக்குள் போகும்வரை வெறும் வாயோடு காத்திருக்க வைக்கக் கூடாத நோயாளி இவர்.